வரேல்ல, வாறேல்ல, வரான்

போன விடுமுறையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அன்ரி ஒருவருக்கு இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கம்பஸில் மொழிபெயர்ப்பு ஒரு பாடமாகப் படிக்கிறேன் என்பதை அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறா. அதனால் வந்த வேலை. இரண்டு பக்கம்தானே, ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒன்பது நாள் எடுத்தது.

கடிதம் 2008 இல் கடைக்கென்று சைக்கிளில் போன அவருடைய மகனைப் பற்றியது. கனடாவில் இருக்கிற அன்ரியின் தம்பி, அதைத் தன் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அன்ரி எழுதித் தரவில்லை. "நான் சொல்லுறன் பிள்ளை, நீ எழுது" என்றார். நான் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டேன். இருபத்திரண்டு நிமிடம். வீட்டுக்கு வந்து அதைக் கேட்டுக் கேட்டு முதலில் தமிழில் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்த இரண்டு பக்கத்தில் பாதிக்கு மேற்பட்ட வசனங்கள் எதிர்மறையில் முடிந்தன. வரேல்ல, சொல்லேல்ல, தெரியாது, ஏலாது, போகாத, சாப்பிடாமல், காணாமல். நடந்தவற்றைவிட நடக்காதவற்றைப் பற்றிய கடிதம் அது.

எனக்கு வந்த சிக்கல்கள் எல்லாம் இந்தச் சொற்களில்தான் இருந்தன. கஷ்டமான சொல் ஒன்றுகூட அன்ரி சொல்லவில்லை. அகராதி ஒரு தடவையும் தேவைப்படவில்லை.

முதல் இடறல் மிகச் சாதாரணமான வசனத்தில். "பின்னேரம் வாறன் எண்டு போனவன் வரேல்ல." நான் யோசிக்காமல் 'ஹி டிட் நொட் கம்' என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்தது அப்படித்தான்: வரவில்லை என்றால் 'டிட் நொட் கம்'.

எழுதியதை அன்ரியின் மகளிடம் காட்டினேன். எனக்கு அக்கா முறை. வங்கியில் வேலை செய்கிறா, ஆங்கிலம் நன்றாகத் தெரியும். வாசித்துக்கொண்டு வந்தவ அந்த இடத்தில் நிறுத்தினா.

"நீர் இதை முடிஞ்ச கதையாக்கிப் போட்டீர்."

"ஏன் அக்கா? வரேல்ல எண்டுதானே அன்ரி சொன்னவ?"

"அம்மா சொன்னது சரி. நீர் எழுதினது அந்த நாளோட நிக்குது. அண்டைக்கு வரேல்ல, அவ்வளவுதான் எண்ட மாதிரி. அம்மாவுக்கு அது இண்டைக்கும் வரேல்ல."

அவ சொன்னது சரி. 'டிட் நொட் கம்' ஒரு நாளை, ஒரு நேரத்தைப் பிடித்து அதற்குள் கதவைச் சாத்திவிடுகிறது. 'ஹாஸ் நொட் கம்' என்றால் அந்தக் கதவு திறந்தே இருக்கும்: இதுவரை வரவில்லை, இனி வரலாம். ஆங்கிலத்தில் இந்த இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். தமிழில் எடுக்கத் தேவையில்லை. வரேல்ல என்ற சொல்லை உடைத்தால் வர, இல்லை என்று இரண்டுதான் வரும். 'வர' என்பதில் காலம் இல்லை. 'இல்லை' என்பதிலும் காலம் இல்லை. "நேற்று வரேல்ல" என்றும் சொல்லலாம், "இன்னும் வரேல்ல" என்றும் சொல்லலாம். "நான் இண்டைக்குப் படத்துக்கு வரேல்ல" என்று, இனி நடக்கப் போவதற்கும் சொல்லிவிடுகிறோம். காலத்தைப் பக்கத்தில் இருக்கிற சொல்தான் சொல்கிறது. பக்கத்தில் சொல் இல்லாவிட்டால் கேட்பவர் விளங்கிக்கொள்ள வேண்டும். யார் வரவில்லை என்பதையும் அது சொல்வதில்லை. நான், நீ, அவன், அவை எல்லாருக்கும் வரேல்லதான்.

அன்ரியின் வசனத்தில் இரண்டு காலமும் ஒன்றாக இருந்தன. அன்று பின்னேரம் வரவில்லை; இன்றுவரைக்கும் வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாக அவர் ஒரே வினைச்சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதை மாற்ற வேண்டிய தேவை அவருக்கு வரவேயில்லை. நான் கடைசியில் அந்த வசனத்தை இரண்டாக்கினேன். அன்று பின்னேரம் வரவில்லை என்று ஒன்று. இன்றுவரை வரவில்லை என்று இன்னொன்று. நீளம் கூடியது. ஆனால் பொய் குறைந்தது.

அதற்குப் பிறகு ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டபோது இன்னொரு பிழையும் பிடிபட்டது. "முந்தியெண்டால் ஆக்கள் வருவினம். இப்ப ஒருத்தரும் வாறேல்ல" என்று ஓரிடத்தில் அன்ரி சொல்லியிருந்தார். நான் 'வரேல்ல' என்று எழுதி வைத்திருந்தேன். வரேல்ல வேறு, வாறேல்ல வேறு. வாறேல்ல என்பது 'வாறது இல்லை' என்பதன் சுருக்கம். எழுத்தில் 'வருவதில்லை' என்போம். ஒரு தடவை நடக்காததை அது சொல்லாது. வழக்கமாக நடக்காததைச் சொல்லும். "நான் மச்சம் சாப்பிடேல்ல" என்றால் இன்றைக்குச் சாப்பிடவில்லை. "நான் மச்சம் சாப்பிடுறேல்ல" என்றால் சைவம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் இது பிசகாது. ஆனால் வேகமாகப் பேசுகிற ஒருவரை ஒலிப்பதிவில் கேட்டு எழுதும்போது 'வ' வுக்கும் 'வா' வுக்கும் இடையிலான அந்தச் சின்ன நீட்சி தவறிப் போகும். தவறினால், ஆட்கள் வருவது மெல்ல மெல்ல நின்றுபோனது என்ற முறைப்பாடு, யாரோ ஒருநாள் வரவில்லை என்ற தகவலாகச் சுருங்கிவிடும். சாட்சியங்களைக் கேட்டு எழுதுகிறவர்கள் சந்தேகமான இடத்தில் நேரம் காட்டுகிற சொல் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். "முந்தி", "இப்ப" என்று இருந்தால் அது அனேகமாக வாறேல்லதான்.

இவ்வளவும் இல்லை என்ற தனிச்சொல்லைச் சேர்த்துச் செய்யும் எதிர்மறை. தமிழில் இன்னொரு வகை இருக்கிறது, அதற்குத் தனிச்சொல்லே தேவையில்லை. ஏ.எல். தமிழில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். செய்தேன் என்பதை உடைத்தால் செய், த், ஏன். நடுவில் இருக்கிற த் இறந்தகாலம். செய்வேன் என்பதில் அந்த இடத்தில் வ், எதிர்காலம். இப்போது அந்த நடு எழுத்தை எடுத்துவிட்டு, செய் என்பதோடு ஏன் என்பதை நேரே ஒட்டிப் பாருங்கள். செய்யேன். 'செய்யமாட்டேன்' என்ற அர்த்தம் வந்துவிடுகிறது. எதையும் சேர்க்கவில்லை. காலத்தை எடுத்தோம், இல்லை என்றாகிவிட்டது.

எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர் பலகையில் எழுதும்போது நடுவில் ஒரு 'ஆ' போட்டு, பிறகு அதை வெட்டிவிடுவா. "எதிர்மறை இடைநிலை ஆ. புணர்ந்து கெட்டது." அதாவது அங்கே ஒரு ஆ இருந்தது, பக்கத்தில் உயிரெழுத்து வந்ததால் விழுந்துவிட்டது என்பது மரபிலக்கண விளக்கம். செய்யாது, செய்யாத, செய்யாமல் என்கிற சொற்களில் அந்த ஆ வெளியே தெரிகிறபடியால் அப்படிச் சொல்வதற்கு நியாயம் இருக்கிறது. மொழியியல் படிக்கிறவர்கள் சிலர் அங்கே சுழிய உருபு இருக்கிறது என்பார்கள்: எதுவும் இல்லாமல் இருப்பதே அங்கே உறுப்பு. எந்த விளக்கத்தை எடுத்தாலும், காதுக்குக் கேட்பது ஒன்றுதான். வருகிறேன், வந்தேன், வருவேன் என்று உடன்பாட்டில் மூன்று. எதிர்மறையில் வாரேன் என்று ஒன்று. அது நேற்றைக்கும் பொது, இன்றைக்கும் பொது, நாளைக்கும் பொது.

பழந்தமிழில் காலம் காட்டும் எதிர்மறை இருக்கவில்லை என்று இதை விளங்கிக்கொள்ளக் கூடாது. வந்திலன் என்று ஒரு வடிவம் இருந்தது. அதற்குள் ந்த் இறந்தகாலம், இல் எதிர்மறை, அன் ஆள். மூன்றும் ஒரே சொல்லில். 'டிட் நொட் கம்' என்பதற்கு மிகச் சரியான ஜோடி அதுதான். ஆனால் இன்றைக்கு ஒருவரும் அப்படிப் பேசுவதில்லை.

செய்யேன் வகையும் செத்துவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. தெரியாது, முடியாது, கூடாது, ஏலாது எல்லாம் அந்த வகைதான். ஏல் என்றால் இயலுதல். ஏலாது அதன் எதிர்மறை. நாங்கள் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுகிறோம். மாட்டேன் என்பதும் அதே குடும்பம். மாட்டு என்பதற்குப் பழைய தமிழில் இயலுதல், வல்லமை என்று பொருள். அதோடு நேரே ஏன் ஒட்டினால் மாட்டேன். உடன்பாட்டு வடிவம் வழக்கொழிந்து எதிர்மறை மட்டும் மிஞ்சியது. ஆள் காட்டும் முழு வடிவங்களும் எங்கள் ஊர்க் கிழடுகளின் வாயில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. "அவன் லேசில விடான்." "சொன்னால் கேளாள்." அம்மம்மா "அவன் வரான்" என்றால் வரமாட்டான் என்று அர்த்தம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அம்மம்மா ஒருமுறை சென்னையில் இருக்கிற உறவினருக்குத் தொலைபேசியில், மாமாவைப் பற்றி "அவன் இண்டைக்கு வரான்" என்று சொன்னாராம். அங்கே வரான் என்றால் வருகிறான். அவர்கள் இரவு பத்து மணிவரை சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எங்களுக்கு வருகிறவன் வாறான், வராதவன் வரான். அவர்களுக்கு வருகிறவனே வரான். எழுத்து ஒன்று, அர்த்தம் நேரெதிர். இலங்கைத் தமிழ்ப் பேச்சை எழுதியதை வெளியாள் ஒருவர் மொழிபெயர்த்தால் முதலில் விழக்கூடிய பள்ளம் இது.

கடிதத்துக்கு வருகிறேன். அன்ரி மகன் போன நாளைப் பற்றிச் சொன்ன முதல் வசனம்: "அண்டைக்கு அவன் சாப்பிடாமல் போனவன்." 'வித்தவுட் ஈற்றிங்' என்று எழுதினேன். பிழையில்லை. ஆனால் ஆங்கிலத்தில் வாசிக்கும்போது, சாப்பாடு மேசையில் இருக்க அவன் வேண்டாம் என்றுவிட்டுப் போன மாதிரி ஒரு சாயல். ஒலிப்பதிவில் இரண்டு வசனம் தள்ளி அன்ரி சொல்கிறார்: "நான் அண்டைக்கு நேரத்துக்குச் சமைக்கேல்ல." சாப்பிடாமல் என்ற சொல்லில் சாப்பிடுவது நடக்கவில்லை என்பது மட்டும்தான் இருக்கிறது. விருப்பமில்லையா, நேரமில்லையா, சாப்பாடு இருக்கவில்லையா என்று அது சொல்வதில்லை. இந்த 'ஆமல்' ஒன்றையே 'வித்தவுட்', 'பிஃபோர்', 'இன்ஸ்டெட் ஒஃப்', 'அன்லெஸ்' என்று இடத்துக்கு இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. "கேட்காமல் எடுத்தான்" முதலாவது. "விடியாமல் எழும்பினான்" இரண்டாவது. "படிக்காமல் விளையாடினான்" மூன்றாவது. "மழை பெய்யாமல் பயிர் வராது" நான்காவது. எது என்று தெரிவதற்கு அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டும். நான் 'அவன் போகும்போது இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை' என்ற பொருளில் மாற்றி எழுதினேன். அன்ரியின் குற்ற உணர்ச்சியை அவர் மகனின் கோபமாக்கி அனுப்ப இருந்தேன் என்று நினைக்க இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

அடுத்தது: "அவனைத் தேடி நான் போகாத இடமில்லை. கேட்காத ஆக்களில்லை." இதை 'எல்லா இடமும் போனேன், எல்லாரையும் கேட்டேன்' என்று ஆங்கிலத்தில் எழுதுவது லேசு. இரண்டு எதிர்மறையும் ஒன்றையொன்று வெட்டிவிடும், கணிதத்தில் மாதிரி. ஆனால் பேச்சு கணிதம் இல்லை. 'எல்லா இடமும் போனேன்' என்பது ஒரு அறிக்கை. கேட்கிறவர் "எங்கெங்கே?" என்று திருப்பிக் கேட்கலாம். 'போகாத இடமில்லை' என்னும்போது அன்ரி போகாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று தானே தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று கையை விரிக்கிறார். இந்த ஓர் இடத்தில் ஆங்கிலம் எனக்கு உதவி செய்தது. 'தேர் இஸ் நோ பிளேஸ் ஐ ஹாவ் நொட் கோன்' என்று அப்படியே வைக்க முடிந்தது. கொஞ்சம் கனமான ஆங்கிலம்தான். ஆனாலும் ஆங்கிலம்.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல" என்பதற்கு அப்படி முடியவில்லை. 'நோபடி' மாதிரி எதிர்மறையை உள்ளே வைத்திருக்கிற பெயர்ச்சொல் தமிழில் இல்லை. ஒருத்தரும், ஒண்டும், எங்கையும், ஒருநாளும் எல்லாம் தாமாக எதையும் மறுக்காத சொற்கள். மறுப்பு முழுக்கக் கடைசி வினையில். "எனக்கு ஒருத்தரும் ஒண்டும்..." என்று அன்ரி சொல்லி மூச்சு வாங்கும்வரை ஒலிப்பதிவில் மூன்று விநாடி இருக்கிறது. பிறகுதான் "சொல்லேல்ல." ஆங்கிலத்தில் 'நோபடி' என்ற முதல் சொல்லிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. அதை நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்படியே விட்டேன்.

சண்டை வந்தது 'இல்லை' யில். கடிதத்தின் கடைசியில் குடும்ப விபரம் கேட்டிருந்தார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று. நான் தமிழ்ப் பிரதியில் "கணவர் காலமாகிவிட்டார். மகள் இருக்கிறாள். மகன் இல்லை" என்று சுருக்கமாக எழுதி, சரிதானா என்று அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன்.

"என்ன சொன்னனீ?"

திரும்ப வாசித்தேன்.

"அவன் இல்லையெண்டு எழுதாத. வெட்டு அதை."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு வெட்கமாகப் போய்விட்டது. "அப்பா இல்லை" என்றால் என்ன அர்த்தம்? கதவைத் தட்டினவருக்குச் சொன்னால், அப்பா வெளியே போயிருக்கிறார். புதுச் சிநேகிதி ஒருத்திக்குச் சொன்னால், அப்பா செத்துப்போனார். இடம் சொல்லாத இல்லைக்கு இரண்டு அர்த்தமும் உண்டு, இரண்டாவது மரியாதையான வார்த்தையும்கூட. ஆங்கிலத்தில் ஒருவர் வீட்டில் இல்லை என்பதும் உயிரோடு இல்லை என்பதும் ஒரே வசனமாக வராது. அதனால் ஆங்கிலப் பிரதி மட்டும் பார்த்த அக்காவுக்கு அது குத்தவில்லை. நான் அங்கே 'நொட் அட் ஹோம்' என்று எழுதியிருந்தேன். தமிழில்தான் அவனைக் கொன்றிருந்தேன். "மகன் இஞ்ச இல்லை" என்று மாற்றினேன். அன்ரி அதையும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

காணாமல் என்ற சொல்லுக்கு நான் ஆகக் கூட நேரம் எடுத்தேன். காண், ஆ, மல். இதுவும் தனிச்சொல் இல்லாத எதிர்மறை. சாப்பிடாமல் போனான் என்றால் சாப்பிடாதவனும் போனவனும் ஒருவன். காணாமல் போனான் என்றால்? போனது அவன். காணாதது யார்? நாங்கள். தமிழ்நாட்டில் "பேனாவைக் காணோம்" என்பார்கள். அந்த ஓம் பன்மைத் தன்மை விகுதி. நாங்கள் காண்கிறோமில்லை என்பதுதான் அதன் உடம்பு, இப்போது யாரும் அப்படி உணர்வதில்லை என்றாலும். ஆகவே காணாமல் போதல் என்ற தொடருக்குள் தேடுகிற ஆள் ஒருவர் ஒளிந்திருக்கிறார். ஆங்கில 'மிஸ்ஸிங்' இல் அவர் தெரிவதில்லை. அது காணாமற்போனவனின் நிலை மட்டும்.

காணாமல் போனவர் என்பதற்கும் காணாமல் ஆக்கப்பட்டவர் என்பதற்கும் உள்ள வித்தியாசம் எங்கள் வயதுக்காரர் எல்லாருக்கும் தெரியும். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் இருப்பது 'காணாமற்போன ஆட்கள்'. 2017 மாசியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் பிடித்திருந்த பதாகைகளில் இருந்தது 'காணாமல் ஆக்கப்பட்ட'. போ என்பதற்குப் பதிலாக ஆக்கு. ஒரு துணைவினையை மாற்றி, செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லியாயிற்று. எதிர்மறை இரண்டிலும் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் இதைச் செய்ய மொழியையே கொஞ்சம் முறிக்க வேண்டும். 'டிஸப்பியர்' தானாக நடக்கிற வினை. அதைச் செயப்பாட்டில் 'வோஸ் டிஸப்பியர்ட்' என்று எழுதினால் மனித உரிமைத் துறையில் இருப்பவர்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்கு இலக்கணப் பிழை மாதிரித் தெரியும். அதனால்தான் 'என்ஃபோர்ஸ்ட்' என்ற சொல்லை முன்னால் வைக்கிறார்கள். நாங்களும் அதைப் பார்த்து 'வலிந்து' என்று சேர்த்துக்கொண்டோம். உண்மையில் 'ஆக்கப்பட்ட' என்பதிலேயே அந்த வலிமை இருக்கிறது.

அன்ரி எந்தச் சொல்லைப் பாவித்தார் என்று ஒலிப்பதிவில் போய்ப் பார்த்தேன். இரண்டும் இல்லை. இருபத்திரண்டு நிமிடத்தில் காணாமல் என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வந்திருந்தது. "அவனைக் காணாமல் நான் பட்ட பாடு." இதில் காணாதவர் ஒளிந்திருக்கவில்லை. நான் என்று முன்னுக்கு வந்து நிற்கிறார். நான் அதை 'மிஸ்ஸிங்' என்றும் எழுதவில்லை, 'டிஸப்பியர்ட்' என்றும் எழுதவில்லை. மகனைப் பார்க்காமல் தான் பட்டது என்றே எழுதினேன். கனடாவில் இருக்கிற மாமா கடிதத்தின் தலைப்பில் சட்டச் சொல்லைப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

ஒன்பதாவது நாள் கடைசி வசனம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒலிப்பதிவை நிறுத்தப் போகிற நேரம், எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா தெரியாது, அன்ரி சொன்னது:

"அவன் வராமல் நான் சாகன்."

அன்ரி வழக்கமாக 'மாட்டன்' என்றுதான் பேசுவார். வரமாட்டன், சொல்லமாட்டன். இந்த ஓரிடத்தில் சாகன் என்றார். சாகேன் என்பதன் பேச்சு வடிவம். சா என்ற வேரும் ஏன் என்ற விகுதியும் மட்டும். நடுவில் காலமும் இல்லை, மாட்டு என்கிற துணையும் இல்லை.

'ஐ வில் நொட் டை' என்று எழுதிப் பார்த்தேன். வில் வந்ததும் அது வாக்குறுதியாகிவிட்டது, அல்லது நாளைக்கு நடக்கப் போவதைப் பற்றிய ஆரூடம். 'ஐ கன்னொட் டை' என்றால் இயலாமை. செத்துவிட விரும்புகிறார் என்ற மாதிரி. 'ஐ ரெஃபியூஸ்' என்றால் மேடைப் பேச்சு. 'ஐ டு நொட் டை' என்பதுதான் இலக்கணத்துக்குக் கிட்ட வருகிறது, ஆனால் அப்படி எந்த ஆங்கிலேயனும் சொல்லமாட்டான். முதல் பாதியிலும் அதே கஷ்டம். 'அன்டில் ஹி கம்ஸ்' என்றால் அவன் வருவது நிச்சயம், நாள்தான் தெரியாது என்றாகும். 'அன்லெஸ்' என்றால் நிபந்தனை. 'வித்தவுட்' என்றால் அவன் பக்கத்தில் இல்லாமல் என்றாகும். வராமல் என்பதில் இவை மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன.

அக்காவிடம் கேட்டேன். அவ நாலையும் வாசித்துவிட்டு, "அம்மாட்டையே கேளும்" என்றா.

அன்ரியிடம் போய், ஆங்கிலத்தைத் திருப்பித் தமிழில் சொல்லிக் கேட்டேன். "அவன் வாறவரைக்கும் நான் சாகமாட்டன் எண்டு எழுதட்டோ அன்ரி, இல்லாட்டி அவன் வராட்டி எனக்குச் சாகேலாது எண்டு எழுதட்டோ?"

அவர் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டும் ஒண்டுதானே பிள்ளை" என்றார்.

ஆங்கிலக் கடிதத்தில் 'வில் நொட்' உம் 'அன்டில்' உம்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, அன்ரி சொன்னதைத் தமிழிலேயே எழுதினேன். பாராளுமன்ற உறுப்பினருக்கு அது விளங்காது. கையொப்பத்துக்கு மேலே அது இருக்கட்டும் என்று அன்ரி சொன்னார்.